திசை கேட்கலாம், டிக்கெட் வாங்கலாம்: மாண்டரினில் ஒரு பயணியின் உரையாடல்

(சுங்கை பூலோவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்றைய தலைப்பு சின்னது. சீனாவில் இறங்கிய ஒருவர், மாண்டரினில் நாலு பேரிடம் வழி கேட்டு, ரயில் நிலையத்தைக் கண்டுபிடித்து, டிக்கெட் வாங்கி, சரியான வண்டியில் ஏறி உட்கார வேண்டும். அதற்கு என்ன பேச வேண்டும்? அதைவிட முக்கியமாக, எதிரில் இருப்பவர் பேசுவதில் எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்? இந்த இரண்டு கேள்விகள்தாம் இன்று.

மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் சீனாவுக்குப் போய்வருகிறார்கள். 2025 ஜூலை 17 முதல் அது இரு நாடுகளுக்கும் பொதுவான ஒப்பந்தமாகிவிட்டது. ஒரு முறைக்கு 30 நாள் வரை தங்கலாம். ஆகவே கிள்ளானிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் சரக்கெடுக்கப் போகிறவர்கள், சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த உரையாடல் தேவைப்படும்.

ஒருவரை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். கிள்ளானில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். குவாங்ஜோவில் ஓர் இரவு தங்கிவிட்டு, ஷென்ஜென் நகரத்தில் ஹுவாசியாங்பெய் என்ற மின்பொருள் சந்தைக்குப் போக வேண்டும். காலையில் கையில் பையோடு விடுதியை விட்டு வெளியே வந்து நிற்கிறார். அவர் போக வேண்டியது குவாங்ஜோ தெற்கு நிலையம். 2010இல் திறந்த பெரிய நிலையம். அதிவேக ரயில்கள் அங்கிருந்து புறப்படுகின்றன. ஷென்ஜென் வடக்கு நிலையத்துக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்; வண்டியைப் பொறுத்து அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாகலாம்.

அவர் என்ன கேட்க வேண்டும்?

எல்லாப் பாடப் புத்தகங்களும் ஒரு வாக்கியம் சொல்லித் தரும்: "தெற்கு நிலையத்துக்கு எப்படிப் போவது?" அழகான வாக்கியம். மனப்பாடம் செய்துகொண்டு போய் அட்சர சுத்தமாகக் கேட்டும் விடலாம். அப்புறம்? கேட்கப்பட்டவர் நல்ல மனிதர். இவருக்கு மொழி நன்றாகத் தெரியும் என்று நம்பி, நேராகப் போ, இரண்டாவது முச்சந்தியில் திரும்பு, பாலத்தின் அடியில் இறங்கு, அங்கே வண்டி மாறு என்று மூச்சு விடாமல் சொல்லி முடிப்பார். நம் கடைக்காரருக்கு அதில் ஒரு சொல்கூடப் பிடிபடாது. கேள்வியை நன்றாகக் கேட்டதாலேயே வந்த சிக்கல் இது!

அதனால் புதிதாகப் படிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பதில் ஒரே சொல்லில் வரும்படி கேள்வியை அமைப்பது. ஆமா, இல்லையா? இடமா, வலமா? எத்தனையாம் எண்? இந்த மூன்று வகையில் கேட்டால் போதும், பதில் கைக்குள் அடங்கும். இன்று நாம் பார்க்கப்போகும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவைதான்.

வாக்கியங்களுக்குப் போகுமுன் தொனியைப் பற்றிக் கொஞ்சம். மாண்டரினில் நான்கு தொனிகள். முதலாவது, குரல் உயரத்தில் நேராக நிற்கும். மருத்துவரிடம் வாயைத் திறந்து "ஆ" என்று காட்டுவோமே, அப்படி. இரண்டாவது, கீழிருந்து மேலே ஏறும், நம்ப முடியாமல் "என்ன?" என்று கேட்கிறோமே, அப்படி. மூன்றாவது, குரல் அடியில் தாழ்ந்து கிடக்கும். நான்காவது, மேலிருந்து சட்டென்று விழும், கோபத்தில் "போ!" என்கிறோமே, அப்படி. அச்சில் படிப்பவர்களுக்காகச் சொல்லுக்கு அடுத்து 1, 2, 3, 4 என்று தொனி எண் போடப்படுகிறது. எண் இல்லாத அசையை இலேசாகச் சொன்னால் போதும்.

தொனி தவறினால் எல்லாம் போச்சு என்று பயமுறுத்துவார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். மாய்3 என்றால் வாங்குவது, மாய்4 என்றால் விற்பது. டிக்கெட் முகப்பில் வந்து நிற்கிறவர் டிக்கெட் விற்க வரவில்லை என்பது அங்கே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். இடம் பார்த்து அவர் புரிந்துகொள்வார். ஆனால் இரண்டு பொருளும் அந்த இடத்துக்குப் பொருந்தி வரும்போது இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வழியில்லை. அங்கேதான் தொனியைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட இடங்கள் இந்தப் பயணத்தில் இரண்டு உண்டு. இரண்டையும் பார்க்கப்போகிறோம்.

அதற்கு முன் தமிழ் நாக்குக்கு ஓர் ஆறுதல். சீன மொழியை உரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் வந்தது. அதைப் பார்த்துப் படிக்கிறவர்கள் வடக்கைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்தை "பந்து", "பஸ்" ஆகிய சொற்களில் நாம் சொல்வதுபோல் அதிரச் சொல்லிவிடுகிறார்கள். அது அப்படி அதிராது. "பல்", "பெயர்" என்று சொல்லின் தொடக்கத்தில் நாம் சொல்லும் சுத்தமான பகரம்தான் அது. வடக்கு: பெய்3. தமிழ் வாய்க்கு இது சொந்தச் சரக்கு.

கஷ்டம் அதன் இணை ஒலியில் இருக்கிறது. டிக்கெட்டுக்கு ப்ஹியாவ்4 என்று பெயர். இதில் பகரத்தோடு மூச்சும் வெடித்து வர வேண்டும். ஒரு மெல்லிய காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். "பல்" என்றால் காகிதம் அசையாது. ப்ஹியாவ்4 என்றால் அது பறக்க வேண்டும். பறக்கவில்லையென்றால் சொல் சரியில்லை என்று அர்த்தம். இந்த அச்சில் ஹகரம் சேர்ந்து வரும் க்ஹ, த்ஹ, ப்ஹ, ச்ஹ எல்லாவற்றுக்கும் இதே காகிதச் சோதனைதான்.

சீனர் அல்லாதவர்கள் பலர் திணறும் இன்னோர் ஒலி, மனிதன் என்ற சொல்லின் முதல் ஒலி. நாவை மடித்துச் சொல்ல வேண்டும். நம்முடைய ழகரத்துக்கு மிக அருகில் வருகிறது: ழென்2. ழகரத்தை ஒழுங்காகச் சொல்லும் தமிழருக்கு இதில் ஒரு தொல்லையும் இல்லை. இந்தச் சொல்லை மறந்துவிட வேண்டாம். ரயில் நிலைய வாசலில் இது மறுபடி வரும்.

இனித் தெருவுக்கு இறங்குவோம்!

கடைக்காரர் குவாங்ஜோவின் நடுவில், கோங்யுவான்சியென் என்ற மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியிருக்கிறார். எதிரில் ஒரு பெண்மணி வருகிறார். முதல் சொல்: "ச்ஹிங்3-வென்4." தயவுசெய்து கேட்கலாமா என்று பொருள். இதைச் சொல்லிவிட்டு ஒரு நொடி நிற்க வேண்டும். அவர் நின்று முகத்தைப் பார்த்த பிறகுதான் கேள்வி.

"ச்ஹ்யூ4 குவாங்3-ஜோ1 நான்2-ஜான்4, ஜி3 ஹாவ்4 ஷியென்4?"

குவாங்ஜோ தெற்கு நிலையத்துக்குப் போக எத்தனையாம் எண் தடம்? பதில் ஓர் எண்ணாகத்தான் வந்தாக வேண்டும். "ஆர்4 ஹாவ்4 ஷியென்4." இரண்டாம் எண் தடம். முடிந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். நம்மூர்ச் சீனர்கள் எம்ஆர்டியை ஜியெ2-யுன்4 என்பார்கள். பஸ்ஸை பா1-ஷ்4 என்பார்கள். டாக்சியை தெ2-ஷ்4 என்பார்கள். குவாங்ஜோவில் மெட்ரோவுக்கு தி4-த்ஹியெ3. நகரப் பேருந்தை குங்1-ஜியாவ்1 என்றும், டாக்சியை ச்ஹு1-ட்ஸூ1-ச்ஹெ1 என்றும் சொல்வார்கள். வீட்டில் சீனப்பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதனோடு பேசிப் பழகுவது நல்லதுதான். இந்த மூன்று சொற்களை மட்டும் மாற்றிப் பழக வேண்டும்.

அதேபோல் பசாரில் காய்கறி வாங்கி வாங்கிக் கொஞ்சம் கண்டனீஸ் பழகியவர்கள் இந்த அவையில் இருப்பார்கள். குவாங்ஜோ கண்டனீஸ் பேசும் ஊர். அங்கே தெருவில் அது கைகொடுக்கும். ஆனால் டிக்கெட் முகப்பில் பேச்சு மாண்டரினில்தான் நடக்கும்.

சரி, இரண்டாம் எண் தடம். கீழே இறங்கியாயிற்று. மேடையின் இரண்டு பக்கமும் வண்டி வருகிறது. ஒன்று தெற்கு நிலையத்துக்கு. மற்றது வடக்கே ஜியாஹெவாங்காங் என்ற கடைசி நிலையத்துக்கு. எந்தப் பக்கம்? அங்கே நிற்கும் பணியாளரிடம் கையால் ஒரு பக்கத்தைக் காட்டி, "குவாங்3-ஜோ1 நான்2-ஜான்4, ஜெ4-பியென்1 மா?" தெற்கு நிலையம் இந்தப் பக்கமா?

இதற்கு வரும் பதிலில் ஒரு பொறி இருக்கிறது. சரிதான் என்றால் "துய்4" என்பார். இந்தப் பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம் என்றால் "துய்4-மியென்4" என்பார். முதல் அசை இரண்டிலும் ஒன்றே! "துய்" என்று காதில் விழுந்த உடனே நிம்மதியாகி, நன்றி சொல்லி, அங்கேயே நின்று, வந்த வண்டியில் ஏறி, ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? சொல் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் கேட்ட சொல்லை முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். "துய்4-மியென்4?" என்று நாம் திருப்பிக் கேட்டால் அவர் கையை நீட்டி எதிர்ப்பக்கத்தைக் காட்டுவார். கையும் சொல்லும் ஒத்துப் போனால் நடக்கலாம்.

கேட்டதைத் திருப்பிச் சொல்வது பயணிக்கு நல்ல பழக்கம். அதற்குப் புதிய சொல் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். "தெற்கு" என்பதை விட்டுவிட்டு வெறுமனே குவாங்ஜோ நிலையம் என்று கேட்கக் கூடாது. குவாங்ஜோ நிலையம் என்றே தனியாக ஒன்று உண்டு. கிழக்கு, வடக்கு என்றும் உண்டு. 2023 டிசம்பரில் பாய்யுன் என்ற பெரிய நிலையமும் திறந்தாயிற்று. எல்லாம் வேறு வேறு இடங்கள். கிழக்கு துங்1, தெற்கு நான்2, வடக்கு பெய்3. அறிவிப்புத் திரையில் கிழக்கு 东, தெற்கு 南, வடக்கு 北 என்று தெரியும். மற்ற எழுத்துகள் தெரியாவிட்டாலும் இந்த மூன்றையும் கண்ணுக்குப் பழக்கிவைத்துக்கொள்ள வேண்டும். "குவாங்ஜோ" என்ற எழுத்துகள் எல்லா நிலையப் பெயரிலும் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் கடைசி எழுத்தில்தான்.

தெற்கு நிலையம் வந்துவிட்டது. எங்கே டிக்கெட் முகப்பு?

"ஷோ4-ப்ஹியாவ்4-ச்ஹு4 ட்ஸாய்4 நா2-லி3?" டிக்கெட் விற்கும் இடம் எங்கே?

இதுதான் தொனி முடிவு செய்யும் முதல் இடம். நா2-லி3 என்று குரல் ஏறினால் "எங்கே". நா4-லி3 என்று குரல் விழுந்தால் "அங்கே". கேள்விக்கும் பதிலுக்கும் அதே ஒலிகள். ஏற்றமும் இறக்கமும் மட்டுமே வேறு. இறக்கிச் சொல்லிவிட்டால், டிக்கெட் முகப்பு அங்கே இருக்கிறது என்று நாமே அவருக்குச் செய்தி சொன்னதாகிவிடும். அவரும் தலையாட்டிவிட்டுப் போவார். நல்லவேளையாக, தமிழில் கேள்வி கேட்கும்போது குரலை ஏற்றும் நம் பழக்கம் இங்கே உதவுகிறது. முதல் அசையில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான்.

இதோ முகப்புக்கு வந்தாயிற்று! வரிசை நகர்கிறது. கடைக்காரர் முறை.

"வோ3 யாவ்4 மாய்3 யி4 ஜாங்1 ச்ஹ்யூ4 ஷென்1-ஜென்4 பெய்3 த ப்ஹியாவ்4."

ஷென்ஜென் வடக்குக்கு ஒரு டிக்கெட் வேண்டும். மகனும் கூட வந்திருந்தால் "லியாங்3 ஜாங்1", இரண்டு டிக்கெட். எண்ணும்போது இரண்டு என்பது ஆர்4. பொருளைச் சொல்லி இரண்டு என்னும்போது லியாங்3. தடத்தின் எண் ஆர்4, டிக்கெட் லியாங்3 ஜாங்1.

உள்ளே இருப்பவர் கேட்பார்: "ஜி3 தியென்3 த?" எத்தனை மணி வண்டி?

இங்கேதான் தொனி முடிவு செய்யும் இரண்டாவது இடம். பத்து மணி என்பது ஷ்2 தியென்3. நான்கு மணி என்பது ஸ்4 தியென்3. பத்தில் நா மடிந்து ஷகரமாக வருகிறது. நான்கில் பல்லோடு ஒட்டிய ஸகரம். இப்படிச் சொன்னால் குழப்பமே இல்லை. ஆனால் தென்சீனாவில் பலர் ஷகரத்தையும் ஸகரமாகவே சொல்வார்கள். நம்மூர்ச் சீனர் பலரும் அப்படித்தான். அப்போது பத்தும் நான்கும் ஒரே ஒலியாகிவிடும். மிஞ்சுவது தொனி ஒன்றுதான். ஏறினால் பத்து, விழுந்தால் நான்கு. காலை பத்து மணி வண்டிக்கும் மாலை நாலு மணி வண்டிக்கும் நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது!

பழகுவதற்கு வெளியூர் போக வேண்டாம். பிரிக்பீல்ட்ஸுக்குச் சீனர்கள் வைத்த பெயர் ஷ்2-வூ3 பெய்1. முதல் இரண்டு அசை பதினைந்து என்ற எண். பத்து ஏறுகிறதா என்று அந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிப் பல சீன நண்பர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். கிள்ளானுக்கு பா1-ஷெங்1. நம் சுங்கை பூலோவுக்கு ஷுவாங்1-ஷி1 மாவ்2-நுவோ4. தெரிந்த ஊர்ப் பெயரில் தொனி பழகினால் சீக்கிரம் வாயில் உட்காரும்.

முகப்பில் சந்தேகம் வந்தால் என்ன செய்வது? இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டினால் பத்து. அந்த எண்ணின் எழுத்தே 十 என்று சிலுவைபோல் இருக்கும். நான்கு விரல்களை நீட்டினால் நான்கு. அல்லது கைப்பேசியில் 10:00 என்று எழுதிக் கண்ணாடிக்கு முன்னால் நீட்டலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. சீனர்களே தங்களுக்குள் இப்படி விரல் காட்டிப் பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்து அவர் சொல்லக்கூடியவை மூன்று. முதலாவது, "மெய்2-யோ3 ல." தீர்ந்துவிட்டது. அப்போது நாம் "ஜி3 தியென்3 யோ3?" என்று கேட்க வேண்டும். எத்தனை மணிக்கு இருக்கிறது? மறுபடியும் பதில் ஓர் எண்தான். இரண்டாவது, "வூ2-ட்ஸுவோ4." இருக்கை இல்லாத டிக்கெட். நின்றுகொண்டே போகச் சம்மதமா என்று கேட்கிறார். மூன்றாவது, "ஆர்4-தெங்3-ட்ஸுவோ4 க்ஹ2-யி3 மா?" இரண்டாம் வகுப்பு பரவாயில்லையா? "க்ஹ2-யி3" என்று அதே சொல்லைத் திருப்பிச் சொன்னால் சம்மதம் என்று பொருள்.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கையைக் குறிக்கும் அசை ஒன்றுதான், ட்ஸுவோ4. அதற்கு முன்னால் வருவது வூ2வா, தெங்3ஆ என்று கேட்க வேண்டும். கேட்காமல் தலையாட்டினால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி போக வேண்டியதுதான்.

பிறகு "ஹூ4-ஜாவ்4". கடப்பிதழ். இது இல்லாமல் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு டிக்கெட்டும் பெயரோடும் கடப்பிதழ் எண்ணோடும் பதிவாகிறது. மகனுக்கும் சேர்த்து வாங்கினால் மகனுடைய கடப்பிதழும் கையில் இருக்க வேண்டும். 12306 என்ற அரசு ரயில் செயலியில் முன்கூட்டியே வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான்.

"துவோ1-ஷாவ் ச்ஹியென்2?" எவ்வளவு?

74 யுவான் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்வது, "ச்ஹி1-ஷ்2-ஸ்4 க்ஹுவாய்4." பார்த்தீர்களா, பத்தும் நான்கும் பக்கத்துப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டன! ஏற்றமும் இறக்கமும் பழகியவருக்கு இது தெளிவாகக் கேட்கும். க்ஹுவாய்4 என்ற சொல் நமக்குப் புதிதல்ல. இங்கே கடைச் சீனர்கள் வெள்ளிக்கும் அதையே சொல்கிறார்கள்.

டிக்கெட் வாங்கியாயிற்று. காகிதம் எங்கே என்று தேட வேண்டாம். கடப்பிதழே டிக்கெட். ஆனால் வண்டி எண், நேரம், பெட்டி எண், இருக்கை எண் நான்கையும் முகப்பை விட்டு நகருமுன் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். கைப்பேசியை நீட்டினால் தட்டிக் கொடுப்பார்.

வண்டி எண்ணை வாயால் சொல்லும்போது ஒரு வழக்கம் உண்டு. ஒன்று என்பதை யி1 என்று சொல்லாமல் யாவ்1 என்பார்கள். ஏழு ச்ஹி1 என்பதால், யி1 என்றால் இரைச்சலில் அதோடு குழம்பும் என்பதற்காக இப்படி. G6011 என்று எண் இருந்தால், ஆங்கில எழுத்துக்குப் பிறகு "லியோ4 லிங்2 யாவ்1 யாவ்1" என்று காதில் விழும். யாவ் என்றால் "வேண்டும்" என்று மட்டும் படித்துவிட்டுப் போனவர், ஒலிபெருக்கி யாருக்கு என்ன வேண்டும் என்கிறது என்று யோசித்துக்கொண்டு நின்றுவிடுவார்.

பை சோதனை முடிந்து உள்ளே போனால் தானியங்கிக் கதவுகள் வரிசையாக நிற்கும். சீனக் குடிமக்கள் அடையாள அட்டையை வைத்துப் போய்க்கொண்டே இருப்பார்கள். கடப்பிதழை அதில் வைத்து வைத்துப் பார்த்துப் பின்னால் நிற்கிறவர்களைக் காக்க வைக்க வேண்டாம். ஓரமாக ஒரு வழியில் ஆள் நிற்பார். மேலே 人工 என்று எழுதியிருக்கும். ழென்2-குங்1. ஆள் பார்த்து அனுப்பும் வழி. நம் ழகரம் வந்துவிட்டது! "ழென்2-குங்1 ட்ஸாய்4 நா2-லி3?" என்று கேட்டால் கை காட்டிவிடுவார்கள்.

வண்டி புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே மேடைக்குப் போகும் கதவை மூடிவிடுவார்கள். பத்து மணி வண்டிக்குப் பத்து மணிக்கு ஓடிவந்தால் வண்டி கண்ணுக்குத் தெரியும், ஏற முடியாது. பெரிய நிலையத்தில் நடக்கவே நேரம் ஆகும் என்பதால் அரை மணி முன்னால் உள்ளே இருப்பது நல்லது.

வண்டிக்குள் இரண்டாம் வகுப்பில் ஒரு வரிசைக்கு ஐந்து இருக்கை: A, B, C, D, F. நடுவில் E என்ற எழுத்தே இல்லை. அதைத் தேடி நடக்க வேண்டாம். A, F இரண்டும் சன்னல் ஓரம். C, D நடைபாதை ஓரம். யாராவது நம் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் சண்டை வேண்டாம், கைப்பேசியில் எழுதி வாங்கிய எண்ணைக் காட்டி, "ஷ்4 ஜெ4-லி3 மா?" இங்கேதானா? பெரும்பாலும் எழுந்துவிடுவார்.

வண்டியைத் தவறவிட்டவர் என்ன செய்வார்? டிக்கெட் வீண் என்று நினைத்துப் புதிதாக வாங்கிவிட வேண்டாம். அன்றைக்கே வேறு வண்டிக்கு மாற்றிக்கொள்ள ஒருமுறை இடம் தருகிறார்கள். அதற்குக் காய்3-ச்ஹியென்1 என்று பெயர். மறுபடி முகப்புக்குப் போய், கடப்பிதழை நீட்டி, "வோ3 யாவ்4 காய்3-ச்ஹியென்1." உள்ளே இருப்பவர் கேட்கப்போவது முன்பு கேட்ட அதே கேள்விதான்: "ஜி3 தியென்3 த?" நான்கு மணி வண்டியில் இடம் இருந்தால், குரலை இறக்கி, "ஸ்4 தியென்3."